ரவுட்டருக்கு இடம் பார்ப்பது

சின்ன ஃபிளாட்டில் ரவுட்டர் எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வீட்டுக்காரர் தீர்மானிப்பதில்லை. இணைப்புக் கொடுக்க வருகிறவர் தீர்மானித்துவிட்டுப் போகிறார். பால்கனி வழியாகவோ, ஏசி குழாய்க்காகப் போட்ட துளை வழியாகவோ ஃபைபர் கேபிளை உள்ளே இழுக்கிறார். பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது, டிவி யூனிட்டும் இருக்கிறது. பெட்டியை அங்கேயே வைத்து, போனில் வேகத்தைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவர் காட்டிய வேகம் உண்மையானதுதான், ஆனால் அது ரவுட்டருக்கு இரண்டடி தள்ளி நின்று பார்த்த வேகம். வேலை பார்ப்பதற்காக நீங்கள் மேஜை போட்டிருக்கும் பின் பெட்ரூமில் அந்தச் சமயத்தில் யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு வீடியோ காலில் முகம் உறைந்து நிற்கும்போது, பிளானை உயர்த்தலாமா, எக்ஸ்டெண்டர் வாங்கலாமா என்ற யோசனை வருகிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ரவுட்டருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே மனதில் ஒரு நேர்கோடு போட்டு, அந்தக் கோடு எதையெல்லாம் துளைத்துக்கொண்டு போகிறது என்று பார்க்க வேண்டும். எழுநூறு சதுர அடி வீட்டில் தூரம் பெரிய பிரச்சினை இல்லை. கோட்டில் என்ன நிற்கிறது என்பதுதான் பிரச்சினை.

அளக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

போனின் மூலையில் தெரியும் வைஃபை கோடுகளை நம்பி இடம் பார்க்க முடியாது. எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது dBm என்ற எண். ஆண்ட்ராய்டில் WiFi Analyzer என்ற பெயரில் கிடைக்கும் இலவசச் செயலிகள் இதைக் காட்டும். இருப்பிட அனுமதி கேட்டால் கொடுங்கள், அது இல்லாமல் அவை வேலை செய்யாது. ஐபோனில் AirPort Utility செயலியைப் போட்டு, Settings பகுதியில் அதன் பெயருக்குக் கீழே Wi-Fi Scanner என்பதை இயக்கினால் RSSI என்று இந்த எண் வரும். விண்டோஸ் மடிக்கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை அடித்தால் போதும்:

```
netsh wlan show interfaces
```

அதில் Signal என்ற வரியில் சதவீதம் இருக்கும். 100% என்றால் -50 dBm, 0% என்றால் -100 dBm. நடுவில் ஒவ்வொரு 2 சதவீதமும் ஒரு டெசிபல். 66% என்று காட்டினால் -67 என்று கொள்ளலாம்.

எண்கள் மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -50 என்றால் மிக நல்ல சிக்னல். -67 வரைக்கும் வீடியோ கால் தடங்கலில்லாமல் ஓடும். -75 தாண்டினால் வேகம் சரியத் தொடங்கும், -80க்கு மேல் போனால் இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். இந்த அளவுகோலில் 3 டெசிபல் குறைந்தால் சிக்னலின் வலு பாதியாகிறது, 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. அதனால் -60க்கும் -70க்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இப்போது வரும் ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். வைஃபை பெயருக்குப் பின்னால் _5G என்று இருந்தால் அது இந்த 5 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கிறது, மொபைல் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2.4ன் அலை சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம், 5ன் அலை அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. 2.4 சுவர்களை ஓரளவு தாங்கிப் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பக்கத்து வீடு, எதிர் வீடு, மேல் வீடு எல்லாமே அந்த மூன்றில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். 5ல் இடம் தாராளம், வேகமும் அதிகம், ஆனால் சுவர் கண்டால் தளர்ந்துவிடும். ஃபிளாட்டில் நாம் இடம் தேடுவது முக்கியமாக 5 கிகாஹெர்ட்ஸுக்காகத்தான். அளக்கும் நேரத்துக்கு மட்டும் ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் உங்களுக்குத் தெரியாமலே ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவி, அளவைக் குழப்பிவிடும்.

சுவர்

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபல் குறைகிறது. சாதாரண வீட்டு ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல், ஒரு மீட்டரில் போனுக்கு ஏறத்தாழ -30 கிடைக்கும். இரண்டு மீட்டரில் -36, நான்கு மீட்டரில் -42, எட்டு மீட்டரில் -48. எட்டு மீட்டர் என்பது சின்ன ஃபிளாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. நடுவில் ஒன்றுமே இல்லையென்றால் வீடு முழுக்க -50க்குள் அடங்கிவிடும். மிச்சத்தையெல்லாம் தின்பது சுவர்கள்தான்.

நம் பழைய ஃபிளாட்டுகளில் அறைகளைப் பிரிக்கும் சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவர். இது 2.4ல் சுமார் 5 டெசிபலும் 5ல் சுமார் 10 டெசிபலும் எடுத்துக்கொள்ளும். வெளிச்சுவரான ஒன்பது அங்குலச் சுவர் ஏறத்தாழ இரட்டிப்பாக எடுக்கும். லேசான ஏஏசி பிளாக் சுவர் இதைவிடக் குறைவாகவே எடுக்கும். மரக்கதவு 3 அல்லது 4, சாதாரண ஜன்னல் கண்ணாடி 2 அல்லது 3. இவையெல்லாம் தோராயமான அளவுகள். செங்கல்லின் தரம், பூச்சின் தடிமன், ஈரம் ஆகியவற்றைப் பொறுத்துக் கூடும் குறையும். ஈரம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓதம் ஏறிய சுவர், காய்ந்த சுவரைவிட அதிகம் விழுங்கும். மழைக்காலத்தில் ஒரு அறையில் மட்டும் வைஃபை மோசமாகிறது என்றால், அந்தப் பக்கச் சுவரில் கசிவு இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டுச் சுவர் எந்த வகை என்று அறிய உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. கதவு நிலையருகே டேப் பிடித்தால் தடிமன் தெரிந்துவிடும். இரு பக்கப் பூச்சும் சேர்த்து ஐந்தரை அங்குலம் பக்கம் வந்தால் நாலரை அங்குலச் சுவர், பத்து வந்தால் ஒன்பது அங்குலச் சுவர். புதிய அடுக்குமாடிகளில் மைவான் முறையில் அலுமினிய அச்சு வைத்து எல்லாச் சுவரையும் கான்கிரீட்டாகவே வார்த்துவிடுகிறார்கள். அங்கே ஆணி இறங்காது, துளை போட வந்த எலக்ட்ரீஷியன் ஹேமர் டிரில் கேட்டிருப்பார். அப்படிப்பட்ட சுவர் ஒவ்வொன்றும் 5 கிகாஹெர்ட்ஸில் 20 டெசிபல் அளவுக்குக்கூட எடுத்துவிடும். அந்த வீடுகளைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

சுவரின் எண்ணிக்கையைப் போலவே, அதை எந்தக் கோணத்தில் கடக்கிறது என்பதும் முக்கியம். நேராகத் துளைக்கும் சிக்னல் ஒரு சுவரின் விலையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். படுசாய்வாக வந்து படும் சிக்னலில் பெரும்பகுதி சுவரில் பட்டுத் திரும்பிவிடுகிறது, உள்ளே நுழைவதற்கும் வழி நீளமாகிறது. ஒரே சுவரின் இந்தப் பக்க மூலையில் ரவுட்டரும் அந்தப் பக்கத்து மறு கோடியில் கட்டிலும் இருந்தால், கணக்குக்கு ஒரு சுவர்தான், இழப்போ இரண்டு சுவருக்குரியது.

குளியலறையை ஒரு சுவராக எண்ணாதீர்கள். அதற்கு இரண்டு பக்கமும் சுவர், உள்ளே டைல்ஸ், டைல்ஸுக்குப் பின்னால் சிமெண்ட், அதற்குள் தண்ணீர்க் குழாய்கள், மேலே நீர் நிரம்பிய உலோகக் கலமான கெய்சர். வைஃபை கோடு குளியலறை வழியாகப் போகிறதென்றால் அந்த வழி அடைபட்டது என்றே வைத்துக்கொண்டு வேறு வழி தேடுங்கள்.

கண்ணாடி

ஜன்னல் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைஃபைக்கு வெவ்வேறு பொருட்கள். ஜன்னல் கண்ணாடி கிட்டத்தட்ட திறந்த வழி. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறத்தில் வெள்ளியோ அலுமினியமோ பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். இவ்வளவு மெல்லியது என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் மின்சாரம் எளிதாக ஓடக்கூடிய எந்தப் பரப்பும் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். அதற்கு இந்தத் தடிமனே தாராளம். கண்ணாடியை நேராகத் துளைத்துக்கொண்டு பயன்படுகிற அளவுக்கு எதுவும் மறுபக்கம் வராது.

அப்படியானால் அதன் பின்னால் சிக்னல் ஏன் முழுதாகச் சாவதில்லை? ஓரங்களைச் சுற்றி வளைந்து வருவதாலும், மற்ற சுவர்களில் பட்டு வருவதாலும்தான். ஆகவே கண்ணாடியின் அளவுதான் தீர்ப்பு சொல்கிறது. சவரம் செய்யும் கைக்கண்ணாடி ஒன்றும் செய்யாது, அலை அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வாஷ்பேசினுக்கு மேலே மாட்டும் இரண்டடிக் கண்ணாடி, ரவுட்டருக்கு மிகப் பக்கத்தில் இருந்தால் மட்டும் தொந்தரவு. தரையிலிருந்து ஏழடி உயரத்துக்கு, ஆறடி அகலத்துக்கு, இரண்டு ஸ்லைடிங் கதவிலும் கண்ணாடி ஒட்டிய வார்ட்ரோப்தான் உண்மையான தடை. அது ஒரு உலோகச் சுவருக்குச் சமம். அதன் நிழல் விழும் பகுதியில் 10 முதல் 15 டெசிபல் வரை எளிதாகப் போய்விடும்.

இதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ரவுட்டர் இருக்கும் பக்கத்துச் சுவரை ஒட்டி அந்த வார்ட்ரோப் நிற்கிறது என்றால், அதற்கு முன்னால் நின்று, போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து அரை நிமிடம் எண்ணைக் கவனியுங்கள். பிறகு ஒரு கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, திறப்புக்கு நேரே அதே உயரத்தில் பிடியுங்கள். துணிகளும் பிளைவுட்டும் நடுவில் இருந்தாலும் எண் ஏறும். ஏறிய அளவு, அந்தக் கண்ணாடி உங்களிடம் வாங்கிக்கொண்டிருக்கும் விலை.

திரும்பி வரும் அலையால் வேறொரு விளைவும் உண்டு. நேராக வரும் அலையும் கண்ணாடியில் பட்டு வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தச் செத்த புள்ளிகள் 2.4ல் சுமார் ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்றாகவும், 5ல் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியிலும் வரலாம். கண்ணாடி நிறைந்த அறையில் மடிக்கணினியை ஒரு சாண் நகர்த்தினாலே நிலைமை மாறுவதற்குக் காரணம் இதுதான். எனவே ஒரே இடத்தில் ஒருமுறை பார்த்த எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். மேஜையின் மீது நான்கைந்து புள்ளிகளில் பார்த்து, நடுவாக வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, ஜன்னலில் ஒட்டும் பளபளப்பான வெயில் ஃபிலிம் ஆகியவையும் கண்ணாடியின் சொந்தக்காரர்கள்தாம். பால்கனியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள், பால்கனிக் கதவில் உலோகப் பூச்சு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதைத் திறந்துவைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்.

தளம்

ஒரே மாடியில் இருக்கும் ஃபிளாட்டுக்குத் தளம் பெரும்பாலும் நன்மையே செய்கிறது. நான்கைந்து அங்குல கான்கிரீட்டும் அதற்குள் கம்பியும் சேர்ந்து, மேல் வீட்டு, கீழ் வீட்டு வைஃபையை நம் வீட்டுக்குள் பலவீனமாக்கி அனுப்புகிறது. கம்பிக் கட்டு வலைபோல இருப்பதால் சிக்னல் முழுதாக அடைபடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கம்பிகளுக்கு நடுவே வழக்கமாக விடும் இடைவெளி ஐந்தாறு அங்குலம். அது இந்த அலைகளின் நீளத்தைவிட அதிகமோ அல்லது அதே அளவோதான், அதனால் ஓரளவு கடந்து வரும். கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்து 10 முதல் 20 டெசிபல் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 5 கிகாஹெர்ட்ஸில் அந்த வரம்பின் மேல் பகுதி. குளியலறைக்குக் கீழே தளத்தை இறக்கிக் கட்டி, செங்கல் ஜல்லியும் சிமெண்டும் போட்டு நிரப்பியிருப்பார்கள். அங்கே இன்னும் மோசம்.

தளம் நமக்குக் கெடுதல் செய்வது இரண்டு வகையில். முதலாவது, ரவுட்டரைத் தரையிலோ லாஃப்டிலோ வைப்பது. தரையில் வைத்தால் சோபா, கட்டில், டைனிங் டேபிள் எல்லாம் வழியில் வரும், சிக்னலில் ஒரு பங்கு தளத்துக்குள் இறங்கி வீணாகும். லாஃப்டில் வைத்தால் கீழே கான்கிரீட் பலகை, மேலே கூரை, நடுவில் பித்தளைப் பாத்திரங்களும் சூட்கேஸும். ஐந்திலிருந்து ஆறரை அடி உயரம்தான் சரி. அந்த உயரத்தில் பெரும்பாலான சாமான்களுக்கு மேலே நின்று அறைகளைப் பார்க்கும்.

இரண்டாவது, ஒரே குடும்பம் மேலும் கீழும் இரண்டு வீட்டில் இருந்துகொண்டு ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்வது. இங்கே ஆன்டெனாவின் இயல்பை அறிந்திருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்த குச்சி ஆன்டெனாவைச் சுற்றிச் சிக்னல் மெதுவடை போலப் பரவுகிறது. குச்சி நடுத் துளையில் நிற்கிறது, மாவு இருப்பது பக்கங்களில். அதன் உச்சிக்கு நேர் மேலேயும் அடிக்கு நேர் கீழேயும் சிக்னல் மிகக் குறைவு. ஆகையால் ஒரே மாடி வீட்டில் எல்லா ஆன்டெனாவையும் நிமிர்த்தியே வையுங்கள். மேல் மாடிக்கும் போக வேண்டுமானால் ஒன்றைப் படுக்கவையுங்கள். வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு இருந்தால் படிக்கட்டுத் திறப்பின் அருகே வையுங்கள், சிக்னலுக்கு அதைவிட மலிவான வழி கிடையாது. குச்சியே இல்லாத பெட்டிகளைக் கம்பெனி எப்படி நிறுத்தச் சொல்லியிருக்கிறதோ அப்படியே நிறுத்துங்கள், கவிழ்த்துப் படுக்கப் போடாதீர்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

சென்னையில் சர்வசாதாரணமாகப் பார்க்கும் 650 சதுர அடி இரண்டு பெட்ரூம் ஃபிளாட். கிழக்கே பால்கனி, அதை ஒட்டி பதினான்கடி நீள ஹால். ஹாலின் வடக்குச் சுவருக்குப் பின்னால் முதல் பெட்ரூம். ஹாலின் மேற்குக் கோடியில் மூன்றடி அகல நடை தொடங்குகிறது. நடைக்குத் தெற்கே சமையலறை, வடக்கே குளியலறை, கடைசியில் இரண்டாவது பெட்ரூம். உள்சுவர்கள் எல்லாம் நாலரை அங்குலச் செங்கல். இரண்டாவது பெட்ரூமில் குளியலறைச் சுவரை ஒட்டிக் கண்ணாடிக் கதவு போட்ட வார்ட்ரோப், எதிரே வடமேற்கு மூலையில் வேலை மேஜை. ஃபைபர் பால்கனி வழியாக வந்து, வடக்குச் சுவரில் இருக்கும் டிவி யூனிட்டின் மூடிய அடித்தட்டுக்குள் ரவுட்டர் கிடக்கிறது.

மேஜைக்கு என்ன கிடைக்கும் என்று 5 கிகாஹெர்ட்ஸில் கணக்குப் போடுவோம். தூரம் எட்டு மீட்டர், அதனால் -48. டிவி யூனிட்டின் மரக்கதவுக்கும் அதற்குள் இருக்கும் சாமான்களுக்கும் 4 போனால் -52. குளியலறையின் இரண்டு சுவர்களுக்கும் சேர்த்து 20, எனவே -72. வார்ட்ரோப் கண்ணாடி 12 எடுத்தால் -84. இந்த நிலையில் 5 கிகாஹெர்ட்ஸ் பேசவே பேசாது. 2.4ல் இதே கணக்கு ஏறத்தாழ -65ல் வந்து நிற்கும். எனவே போன் 2.4ஐப் பிடித்துக்கொண்டு, கோடுகளை நிறையவே காட்டும், ஆனால் பக்கத்து வீடுகளின் நெரிசலில் வேகம் வராது. சிக்னல் ஃபுல்லாக இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கலாம்.

இப்போது ரவுட்டரை ஹாலின் மேற்குக் கோடிக்கு, நடை தொடங்கும் வாய்க்கு, ஆறடி உயரத்துக்குக் கொண்டுபோவோம். அங்கிருந்து மேஜைக்கு நான்கு மீட்டர், அதனால் -42. நடை வழியாக நேரே பெட்ரூம் வாசல் தெரிகிறது. மேஜை மூலையில் இருப்பதால் சிக்னல் குளியலறைச் சுவரின் முனையையும் கண்ணாடியின் ஓரத்தையும் உரசி வளைய வேண்டும். அதற்குத் தாராளமாக 15 கொடுத்தாலும் -57. கதவை மூடினால் -61. வீடியோ காலுக்கு வேண்டிய -67ஐவிட நல்ல இடைவெளியில் இருக்கிறோம்.

மற்ற இடங்கள் கெட்டுப்போகுமா என்று பார்க்க வேண்டும். முதல் பெட்ரூம் கட்டிலுக்கு முன்பு மூன்று மீட்டரும் ஒரு சுவரும் மரக்கதவும் இருந்தன, ஏறத்தாழ -54 வந்திருக்கும். இப்போது ஐந்து மீட்டர், ஒரு சுவர், கொஞ்சம் சாய்வாக, ஏறத்தாழ -56. வித்தியாசம் தெரியாது. ஹாலில் டிவிக்கு நான்கு மீட்டர், சுவரே இல்லை. சமையலறை முன்பைவிட நன்றாகவே ஆகிவிடும். யாருக்கும் இழப்பில்லாமல் பின் அறைக்கு 27 டெசிபல் கிடைத்திருக்கிறது. வலுவில் சொன்னால் ஐந்நூறு மடங்கு. எந்தப் பிளான் உயர்வும் இதைக் கொடுக்காது.

இதிலிருந்து இடம் தேடும் முறையை எடுத்துக்கொள்ளலாம். வீட்டின் நடுமையம் எது என்று டேப் பிடித்துத் தேட வேண்டாம். எந்த இடத்தில் நின்றால் அதிகமான அறை வாசல்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவோ அதைத் தேடுங்கள். நம் ஃபிளாட்டுகளில் அது பெரும்பாலும் ஹாலும் நடையும் சந்திக்கும் இடம்தான். அங்கே மூன்று விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். வாஷ்பேசினும் அதன் கண்ணாடியும் பல வீடுகளில் அந்த இடத்தில்தான் இருக்கும், கண்ணாடியிலிருந்து குறைந்தது ஓரடியாவது தள்ளி, அறைகள் இருக்கும் பக்கமாக வையுங்கள். மின்சார மெயின் பெட்டி உலோகத்தில் இருந்தால் அதன்மேல் சாய்த்து வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைப்பதும் வேண்டாம், அதன் பின்பக்கம் முழுக்க நிழல் விழும்.

பெட்டியை நகர்த்துவது

இடம் தெரிந்ததும் சுவரில் துளை போட்டுவிடாதீர்கள். மின்சாரத்துக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, ரவுட்டரை ஸ்டூல்மேல் ஸ்டூல் வைத்தாவது அந்த உயரத்துக்கு ஏற்றி, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஃபைபர் அவ்வளவு தூரம் எட்டாவிட்டாலும் பரவாயில்லை. சிக்னல் அளக்க இணையம் தேவையில்லை, ரவுட்டர் ஓடினாலே dBm தெரியும். ஒரே போனால் எல்லா இடத்தையும் அளந்து பாருங்கள், ஒவ்வொரு போனும் வேறு எண் காட்டும். உங்கள் உடம்பு போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வராமல் நில்லுங்கள், மனித உடம்பும் நீர் நிறைந்த தடைதான். கதவுகளைத் திறந்து ஒருமுறை, இரவில் மூடுவதுபோல மூடி ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரமாக மாற்ற இரண்டு வழி. ஃபைபர் வந்து சேரும் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் வேலை சுலபம். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, கேட் 6 லேன் கேபிளை ஓரமாக இழுத்துவந்து ரவுட்டரை மட்டும் புதிய இடத்தில் மாட்டலாம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும், ஃபிளாட்டில் பதினைந்து மீட்டரே அதிகம். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் ஃபைபரையே நீட்ட வேண்டும். இதை நீங்களே செய்யாமல் இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பச்சைத் தலை வைத்த ஆயத்த ஃபைபர் வயர் 10, 15 மீட்டர் நீளங்களில் கிடைக்கிறது. அதன் நுனியில் விரல் படக்கூடாது, மூலைகளில் மடித்து அடிக்கக்கூடாது. வளைவு ஒரு ரூபாய் நாணயத்தைவிட நன்றாகப் பெரிதாக, கைவளையல் அளவுக்கு இருந்தால் பயமில்லை. அதற்கும் வழியில்லாவிட்டால் பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிள் முனையில் இன்னொரு ரவுட்டரை Access Point முறையில் போடலாம்.

இடம் மாற்றியும் தீராத வீடுகள் உண்டு. கான்கிரீட் சுவர் ஃபிளாட்டுகள் அதில் முதலாவது. அங்கே ஒவ்வொரு அறையும் ஒரு பெட்டி, சிக்னல் போகும் வழி கதவு மட்டுமே, கதவை மூடினால் அதுவும் இன்னும் பலவீனமாகும். நடை வாயில் ரவுட்டரை வைத்து, கதவுகளை மூடி அளந்தபின்னும் மேஜையில் -72க்குக் கீழே இருந்தால், பின் அறைக்கு ஒரு லேன் கேபிளும் அதன் முனையில் இரண்டாவது பெட்டியும் போடுவதே தீர்வு. வயரில்லாத எக்ஸ்டெண்டரை அந்த அறைக்குள்ளேயே வைப்பதில் பயனில்லை. அது வாங்குவதும் அந்தப் பலவீனமான சிக்னலைத்தான், அதையே திரும்பச் சொல்லும்.

ஆனால் செங்கல் சுவர் ஃபிளாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் செலவு தேவைப்படாது. புது வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இணைப்புக் கொடுக்க ஆள் வரும் நாளுக்கு முன்பே நடை வாயில் நின்று இடத்தைக் குறித்து, பக்கத்தில் ஒரு 5 ஆம்ப் பிளக் பாயின்ட் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அவர் வந்ததும், டிவி யூனிட் வேண்டாம், இங்கேதான் வேண்டும் என்று சொல்லி, அதற்குத் தேவையான நீளத்துக்குக் கேபிளை விடச் சொல்லுங்கள். கேபிளை வெட்டி முடித்தபிறகு கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.